வீட்டு வைஃபையில் யார் யார்? ரவுட்டரின் கடவுச்சொல் இல்லாமல் பார்க்க ஒரு வழி

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மூன்று குடித்தனங்கள். மேல் மாடியில் வீட்டுக்கார அன்ரி, நடு மாடியில் கணவன், மனைவி, ஒரு குழந்தை, கீழே முன்பக்கம் நான், பின்பக்கச் சிறிய அறையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு தம்பி. எல்லோருக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. மாதத்துக்கு 100 ஜிபி. காசைப் பங்கிட்டுக் கட்டுகிறோம்.

மூன்று மாதங்களாக அந்த 100 ஜிபி மாதத்தின் 19ஆம், 20ஆம் திகதியிலேயே முடிந்துவிடத் தொடங்கியது. மிச்ச நாட்களுக்கு மேலதிக டேட்டா வாங்க வேண்டும். இரண்டு மாதம் பொறுத்த அன்ரி, மூன்றாவது மாதம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“பின்னறைப் பெடியன்தான் இரவிரவா படம் பாக்கிறான் போல. கூட்டாளிப் பெடியளுக்கும் பாஸ்வேர்ட் குடுத்திருப்பான். மாதம் முடிய அறையை விடச் சொல்லப்போறன். நீங்கள் கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள்தானே, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை அறை தேடி அலைவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சரியாகப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

இப்படியான நேரத்தில் வழக்கமாகச் செய்வது ரவுட்டருக்குள் நுழைந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்ப்பதுதான். ஆனால் ரவுட்டரின் பின்புறத்தில் ஒட்டியிருந்த கடவுச்சொல் வேலை செய்யவில்லை. எப்போதோ திருத்த வந்த ஒருவர் அதை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். ரீசெற் பொத்தானை அழுத்தினால் உள்ளே போகலாம். ஆனால் இணைப்புக்கான விபரங்களும் சேர்ந்து அழிந்துபோகும். பிறகு நிறுவனத்துக்கு அழைத்து ஆள் வரும்வரை மூன்று குடித்தனமும் இணையம் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஆகவே என்னுடைய மடிக்கணினியிலேயே இருக்கும் ஒரு அட்டவணையைப் பார்த்தேன். ரவுட்டருக்குள் நுழையத் தேவையில்லை, புதிதாக எந்த மென்பொருளும் போடத் தேவையில்லை. இதே பிரச்சினை பல வீடுகளிலும் விடுதிகளிலும் இருப்பதால், நான் செய்ததையும், செய்யும்போது நானே விட்ட ஒரு பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

கணினி வைத்திருக்கும் சிறு குறிப்பேடு

வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று ஐபி முகவரி. இது ரவுட்டர் கொடுப்பது, மாறக்கூடியது. மற்றது மெக் முகவரி. இது கருவியின் வலையமைப்புப் பகுதிக்கு உரியது, இரண்டு இரண்டு எழுத்துகளாக ஆறு சோடிகள் கொண்டது. ஒரே வீட்டுக்குள் ஒரு கருவி இன்னொன்றுக்குத் தரவு அனுப்புவதற்கு ஐபி முகவரி மட்டும் போதாது, மெக் முகவரியும் வேண்டும்.

அதை அறிய கணினி ஒரு எளிய வேலை செய்கிறது. “192.168.1.12 யாரிடம் இருக்கிறது? எனக்குச் சொல்லுங்கள்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிடுகிறது. அந்த எண்ணை வைத்திருக்கும் கருவி மட்டும் “என்னிடம்தான். என் மெக் முகவரி இது” என்று பதில் சொல்கிறது. இந்த முறைக்கு ஏஆர்பி என்று பெயர். 1982இல் டேவிட் பிளமர் என்பவர் எழுதி வெளியிட்ட முறை, இன்றும் நமது வீட்டு வைஃபையில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாதல்லவா? அதனால் கிடைத்த பதிலைக் கணினி ஒரு அட்டவணையில் குறித்து வைக்கிறது. அதுதான் ஏஆர்பி அட்டவணை. விண்டோஸ் கணினியில் தேடல் பெட்டியில் `cmd` என்று தட்டி, திறக்கும் கறுப்புத் திரையில் இதை எழுதினால் அட்டவணை வரும்.

```
arp -a
```

நான் முதலில் இதைச் செய்தபோது என் கணினியில் ஏற்கெனவே நிரந்தரமாக இருக்கும் சில வரிகளை விட்டால், இரண்டே இரண்டு கருவிகள்தான் தெரிந்தன. ஒன்று ரவுட்டர், மற்றது என்னுடைய பிரின்டர். அதே நேரத்தில் என் மேசையில் என் போன் வைஃபையில் இருந்தது. மேலே அன்ரி தொலைக்காட்சியில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை எதுவும் அட்டவணையில் இல்லை.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்த அட்டவணை வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அல்ல. என் கணினி அண்மையில் யாருடன் நேரடியாகப் பேசியது என்ற குறிப்பு மட்டுமே. என் மடிக்கணினிக்கு அன்ரியின் தொலைக்காட்சியோடு பேச எந்தத் தேவையும் வரவில்லை. அதனால் அதன் முகவரியும் தெரியாது. `arp -a` என்று தட்டிவிட்டு “இரண்டு கருவிதான் இருக்கிறது, பிரச்சினை இல்லை” என்று முடிவு கட்டினால் அது பிழை.

எல்லோர் கதவையும் ஒரு முறை தட்டுதல்

ஆகவே முதலில் கணினியை எல்லோருடனும் பேச வைக்க வேண்டும். அதற்கு முன் நமது வலையமைப்பின் எண் என்ன என்று தெரிய வேண்டும். `ipconfig` என்று தட்டினால், வைஃபைக்கான பகுதியில் `IPv4 Address` என்ற வரியில் நமது கணினியின் ஐபி முகவரி இருக்கும். எனக்கு அது 192.168.1.23. கீழே `Subnet Mask` என்ற வரியில் 255.255.255.0 என்று இருந்தால், முதல் மூன்று எண்களும் வீட்டில் எல்லோருக்கும் பொது, கடைசி எண் மட்டும் 1 முதல் 254 வரை மாறும் என்று அர்த்தம். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இனி அந்த 254 எண்களுக்கும் ஒவ்வொரு பிங் அனுப்ப வேண்டும். கீழே இருக்கும் வரியை அதே கறுப்புத் திரையில் ஒட்டலாம். முதல் மூன்று எண்களையும் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். `PowerShell` என்ற நீலத் திரையில் இந்த வரி ஓடாது.

```
for /L %i in (1,1,254) do @ping -n 1 -w 200 192.168.1.%i >nul
```

இது முடியச் சில நிமிடங்கள் எடுக்கும். திரையில் ஒன்றும் வராது, பொறுத்திருக்க வேண்டும். முடிந்த உடனேயே மறுபடி `arp -a` தட்ட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பல கருவிகள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லையே, குறிப்பாக விண்டோஸ் கணினிகளின் பாதுகாப்புச் சுவர் அதைத் தடுத்துவிடுமே என்று. உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியது பிங்கின் பதில் அல்ல. பிங்கை அனுப்புவதற்கு முன் என் கணினி “இந்த எண் யாரிடம்?” என்று கூப்பிட்டே ஆக வேண்டும். அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லாத கருவி, ரவுட்டருடன்கூட ஒழுங்காகப் பேச முடியாது. அதனால் பிங்கை மறுக்கும் கருவியும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறது, அட்டவணையில் வந்து விழுகிறது. பிங் முடிவை மட்டும் பார்த்து எண்ணுவதைவிட இந்த அட்டவணையைப் பார்ப்பது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்.

மெக் கணினியிலும் லினக்ஸிலும் வேலை இதே மாதிரித்தான். அங்கே பிங் அனுப்பும் வரி இது:

```
for i in $(seq 1 254); do ping -c 1 192.168.1.$i >/dev/null & done; wait
```

அட்டவணையைப் பார்க்க மெக்கில் `arp -a`, லினக்ஸில் `ip neigh`. அவற்றில் `incomplete` அல்லது `FAILED` என்று எழுதியிருக்கும் வரிகளை எண்ணக்கூடாது. கூப்பிட்டும் பதில் வரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம், அங்கே கருவி இல்லை.

வரிகளை வாசிப்பது

என்னுடைய திரையில் வந்ததில் ஒரு பகுதி இப்படி இருந்தது. மெக் முகவரிகளை மாற்றியிருக்கிறேன்.

```
Interface: 192.168.1.23 --- 0x9
  Internet Address   Physical Address    Type
  192.168.1.1        00-00-5e-00-53-01   dynamic
  192.168.1.12       5a-3c-91-0e-7d-42   dynamic
  192.168.1.15       00-00-5e-00-53-6f   dynamic
  192.168.1.255      ff-ff-ff-ff-ff-ff   static
  224.0.0.22         01-00-5e-00-00-16   static
```

முதலில் `static` என்று முடியும் வரிகளைத் தள்ளிவிடுங்கள். 255 என்று முடிவதும், 224, 239 என்று தொடங்குவதும் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பொது முகவரிகள். அவை கருவிகள் அல்ல. இந்த வரிகளைப் பார்த்துப் பயந்து “யாரோ ஹக் செய்துவிட்டார்கள்” என்று என்னிடம் வந்தவர்களும் உண்டு.

`dynamic` என்று இருப்பவைதான் பதில் சொன்ன கருவிகள். `ipconfig` இல் `Default Gateway` என்று காட்டும் எண் ரவுட்டருடையது. உங்கள் சொந்தக் கணினி இந்தப் பட்டியலில் வராது, ஏனெனில் அது தன்னைத் தானே கூப்பிடுவதில்லை. ஆகவே மொத்தத்தை எண்ணும்போது ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மெக் முகவரி. இதன் முதல் மூன்று சோடிகள் கருவியைத் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். அவற்றை நிறுவனங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது ஐஇஇஇ என்ற அமைப்பு. அதன் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மூன்று சோடிகளையும் அங்கே தேடினால் நிறுவனத்தின் பெயர் வரும். என் பிரின்டரையும் அன்ரியின் தொலைக்காட்சியையும் இப்படித்தான் உடனே அடையாளம் கண்டேன்.

ஆனால் போன்களில் இது பெரும்பாலும் கைகொடுக்காது. 2019இல் வந்த அண்ட்ரோயிட் 10இலிருந்தும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும் போன்கள் தங்கள் உண்மையான மெக் முகவரியைக் காட்டாமல், எழுமாறாக உருவாக்கிய ஒரு முகவரியைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நாம் போகும் இடமெல்லாம் நம்மைப் பின்தொடராமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மெக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, a, e ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது உருவாக்கிய முகவரி. மேலே 5a என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். இரண்டாவது எழுத்து a. அதன் நிறுவனத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது அநேகமாக ஒரு போன்.

நான் விட்ட பிழை

அன்று மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை இதைச் செய்து ஒரு தாளில் எழுதினேன். இரவு பதினொரு மணிக்கு இன்னொரு தடவை செய்தேன். அதில் புதிதாக வந்த வரியை மட்டும் அதே தாளில் கீழே சேர்த்தேன். மொத்தம் பன்னிரண்டு கருவிகள்.

பிறகு எனக்குத் தெரிந்தவற்றை எண்ணினேன். ரவுட்டர் ஒன்று. என் போனும் பிரின்டரும் இரண்டு. அன்ரியின் போனும் தொலைக்காட்சியும் இரண்டு. நடு மாடியில் இரண்டு போன், ஒரு மடிக்கணினி. தம்பியிடம் ஒரு போன், ஒரு மடிக்கணினி. ஆகப் பத்து. இரண்டு மிஞ்சின.

மிஞ்சிய இரண்டில் ஒன்று 192.168.1.15. அது இரண்டு தடவையும் இருந்தது. மற்றது 192.168.1.31. அதன் மெக் முகவரி be என்று தொடங்கியது. அதாவது ஒரு போன். மாலையில் இல்லை, இரவு பதினொரு மணிக்கு வந்திருக்கிறது. இரவில் மட்டும் நமது வைஃபையில் ஏறும், யாருடையது என்று தெரியாத ஒரு போன்! அன்ரி சொன்ன கூட்டாளிக் கதை அச்சொட்டாகப் பொருந்தியது. அந்த இரவே மேலே போய்ச் சொல்லியிருந்தால், தம்பி அடுத்த நாள் பெட்டி கட்டியிருப்பான்.

காலையில் இரண்டு பட்டியல்களையும் தனித்தனியாக எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. இரவில் 31 புதிதாக வந்திருந்தது, சரி. ஆனால் மாலையில் இருந்த 12 இரவில் இல்லை. வந்ததைப் பார்த்தேன், போனதைப் பார்க்கவில்லை.

பின்னறைக்குப் போய்த் தம்பியிடம் போனைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். எங்கள் ரவுட்டர் இரண்டு பெயர்களில் வைஃபை கொடுக்கிறது. ஒன்று தூரம் போகும், மற்றது பக்கத்தில் வேகமாக இருக்கும். பெயரின் முடிவில் 5G என்று இருப்பது வேகமானது. மாலையில் அவன் முன் விறாந்தையில் இருந்து படிப்பான், அங்கே வேகமானது கிடைக்கும். இரவில் பின்னறைக்குப் போனால் அது எட்டாது, போன் தானாக மற்றதற்கு மாறிவிடும். போன்கள் எழுமாறான முகவரியை ஒவ்வொரு வைஃபைப் பெயருக்கும் வெவ்வேறாக உருவாக்குகின்றன. ஆகவே ஒரே போன், இரண்டு வைஃபைப் பெயர்கள், இரண்டு மெக் முகவரிகள். ரவுட்டருக்கும் அது இரண்டு கருவி, அதனால் இரண்டு ஐபி முகவரிகள்.

அவனுடைய போனில் வைஃபை அமைப்புக்குள் போய், ஒவ்வொரு பெயருக்கும் எந்த மெக் முகவரி என்று பார்த்தோம். 5a என்று தொடங்குவது ஒன்றுக்கு, be என்று தொடங்குவது மற்றதற்கு. இரண்டும் அவனுடையதே. வெளியாள் யாரும் இல்லை.

“அண்ணா, நான் படத்தை எல்லாம் டியூஷன் வகுப்பிலதான் பெடியளிட்டக் கொப்பி பண்ணுறனான்” என்று சிரித்தான். தன்னை அறையை விட்டு எழுப்பும் பேச்சு நடந்தது அவனுக்கு அப்போது தெரியாது.

இந்தப் பிழையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது. வெவ்வேறு நேரத்தில் எடுத்த பட்டியல்களை ஒன்றாகக் கூட்டக்கூடாது. ஒவ்வொரு தடவையும் பழைய குறிப்புகளை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். விண்டோஸ் ஒரு வரியை உறுதியானதாகக் கருதுவது 15 முதல் 45 செக்கன் வரைதான். அதன் பிறகு அது பழையதாகிவிடும், ஆனால் உடனே அட்டவணையை விட்டுப் போகாது. `arp -a` பழையதையும் புதியதையும் பிரித்துக் காட்டாது. `cmd` ஐ வலது பொத்தானால் அழுத்தி, நிர்வாகியாகத் திறந்து இதைத் தட்டினால் எல்லாம் துடைபடும்.

```
arp -d *
```

இணையம் ஒன்றும் நிற்காது. கணினி தேவையானவர்களை மறுபடி கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளும்.

இரவு பகல் விழித்திருந்த பதினைந்தாம் எண்

இனி மிஞ்சியது 192.168.1.15 மட்டும். இதன் மெக் முகவரி எழுமாறானது அல்ல. முதல் மூன்று சோடிகளைத் தேடியபோது கண்காணிப்புக் கமெரா தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தது. அதிகாலை இரண்டு மணிக்கு எழும்பி ஒரு தடவை பார்த்தேன். போன்களில் பாதி நித்திரை, பதில் இல்லை. பதினைந்து மட்டும் உடனே பதில் சொன்னது.

அன்ரியிடம் கேட்டபோதுதான் நினைவு வந்தது. கேற்றுக்கும் வாசலுக்கும் கமெரா பூட்டியிருக்கிறார்கள். படத்தைப் பதியும் பெட்டி அவருடைய அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அது வயர் மூலம் ரவுட்டரில் செருகியிருக்கிறது. “அது கமெராதானே, இன்ரநெற் இல்லையே” என்றார். வைஃபையில் இல்லை என்பதால் நாங்கள் யாருமே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஏஆர்பி அட்டவணைக்கு வயரும் வைஃபையும் ஒன்றுதான். ஒரே வலையமைப்பில் இருந்தால் போதும்.

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் உறுதிப்படுத்தினேன். அன்ரியை அந்த வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, அட்டவணையைத் துடைத்து, மறுபடி எல்லா எண்களுக்கும் அனுப்பிப் பார்த்தேன். பதினைந்தாம் வரி இல்லை. வயரைச் செருகிய பின் மறுபடி வந்தது. ஒரு வரி எந்தக் கருவியுடையது என்று சந்தேகம் வந்தால் இதைவிட நல்ல சோதனை கிடையாது. அணைத்துப் பாருங்கள், எந்த வரி மறைகிறது என்று பாருங்கள்.

ஆனால் இத்தோடு அட்டவணையின் வேலை முடிந்தது. ஒரு கருவி இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். அது எவ்வளவு டேட்டா எடுக்கிறது என்று சொல்லவே சொல்லாது. பெட்டி இருக்கிறது என்பதற்காக அதுதான் குற்றவாளி என்று சொன்னால், தம்பியைச் சந்தேகித்த அதே பிழையை மறுபடி செய்தவனாவேன்.

எனவே வேறு வழியில் அளந்தோம். அன்ரியின் போனில் மீதி டேட்டாவைக் காட்டும் செயலி இருந்தது. அதுவரை ஒரு நாளைக்குச் சராசரியாக 5 ஜிபிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. 19 நாளில் 100 ஜிபி என்றால் கணக்கு அதுதான். இரண்டு நாள் முழுவதும் கமெராப் பெட்டியின் வயரைக் கழற்றி வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை. நாளொன்றுக்கு இரண்டரை ஜிபி அளவுதான் குறைந்தது.

பிறகு காரணமும் வெளிவந்தது. அன்ரியின் மகள் கனடாவில். அம்மா தனியே இருக்கிறாரே என்று, மூன்று மாதத்துக்கு முன் தன் சமையலறை மேசையில் ஒரு டப்லெட்டை வைத்து, கேற்றுக் கமெராவை அதில் திறந்தே விட்டிருக்கிறார். நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது ஓடுமாம். கமெராவின் படம் செக்கனுக்கு 1 மெகாபிட் என்று வைத்தால், ஒரு மணித்தியாலத்துக்கு 450 எம்பி. ஆறு மணித்தியாலத்துக்கு 2.7 ஜிபி. 19 நாளில் 51 ஜிபி. எங்கள் பக்கேஜில் மேலே ஏற்றும் டேட்டாவும் கணக்கில் சேரும். ஆக, பாதிப் பக்கேஜ் எங்கள் வாசல் கேற்றைப் பார்ப்பதற்கே போயிருக்கிறது.

இந்த வழியில் தெரியாதவை

நீங்கள் இதைச் செய்து பார்க்கும்போது பட்டியல் முழுமையாக இல்லாமல் போகக்கூடிய இடங்கள் சில உண்டு.

முதலாவது, நித்திரையில் இருக்கும் போன்கள். திரை அணைந்து கிடக்கும் போன் பற்றரியைச் சேமிக்க வைஃபையை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கும், கூப்பாட்டைத் தவறவிடலாம். அதனால் ஒரு தடவை பார்த்தது போதாது. காலை, மாலை, நள்ளிரவு என்று வெவ்வேறு நேரத்தில் பாருங்கள். ஒவ்வொன்றையும் தனித் தாளில் எழுதுங்கள்.

இரண்டாவது, விருந்தினருக்கான தனி வைஃபை. ரவுட்டரில் அப்படி ஒன்று இருந்தால், அதில் இருப்பவர்கள் உங்கள் பட்டியலில் வரமாட்டார்கள். உங்கள் கூப்பாடு அந்தப் பக்கம் போவதில்லை. சில விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் ஒருவரை ஒருவர் காணாதபடி ரவுட்டரே தடுத்து வைத்திருக்கும். அங்கே எத்தனை தடவை செய்தாலும் ரவுட்டரின் ஒரு வரிதான் தெரியும். அது நல்ல ஏற்பாடு, பிழை அல்ல.

மூன்றாவது, இரண்டாவது ரவுட்டர். பக்கத்து அறைக்காரர் இணைப்பில் தன் சொந்த ரவுட்டரைச் செருகி, அதற்குப் பின்னால் ஐந்து போன்களை இணைத்திருந்தால், உங்களுக்குத் தெரிவது அந்த ரவுட்டரின் ஒரு வரி மட்டுமே. வைஃபையை நீட்டிக்கும் சிறு பெட்டிகளில் சில இதற்கு நேர்மாறாக நடக்கும். அவற்றின் ஊடாக வரும் கருவிகள் எல்லாம் வெவ்வேறு ஐபி முகவரியோடும் ஒரே மெக் முகவரியோடும் தெரியும். ஒரே மெக் முகவரி பல வரிகளில் வந்தால் முதலில் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், ரவுட்டரின் மெக் முகவரியே இன்னொரு கருவிக்கும் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் கவனம் தேவை. யாரோ ரவுட்டர் போல நடித்து மற்றவர்களின் தரவைத் தன் பக்கம் இழுப்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

நான்காவது, இந்த வேலைக்குக் கணினி வேண்டும். அண்ட்ரோயிட் 10இலிருந்து போன் செயலிகள் இந்த அட்டவணையை வாசிப்பது தடுக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் அட்டவணையை வாசிப்பது உங்கள் சொந்தக் கணினியை வாசிப்பது. ஆனால் 254 எண்களுக்கும் பிங் அனுப்புவது மற்றவர்களின் கருவிகளைத் தட்டுவது. உங்கள் வீட்டிலோ, பொறுப்பானவரின் சம்மதத்தோடோ செய்யுங்கள். வேலை செய்யும் அலுவலகத்தில் கேளாமல் செய்தால் பதில் சொல்ல வேண்டி வரும்.

அன்ரி மகளிடம் பேசினார். இப்போது காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும் கமெராவைத் திறந்து பார்க்கிறார். போன மாதம் 100 ஜிபியும் கடைசி நாள்வரை தாக்குப்பிடித்தது. பின்னறையில் தம்பி இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனை எழுப்புவதாக இருந்த கதையை அன்ரி பிறகு எடுக்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மேலிருந்து அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு வருகிறது.